ரேட் வராத நாளில் பழைய ரேட்: எழுதி வைப்பதா, கேட்கும்போது தேடுவதா?

2024 மார்ச் 31 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய வெள்ளி, புனித வெள்ளி. மறுநாள் ஈஸ்டர் திங்கள். நான் வேலை பார்க்கும் சென்னைக் கம்பெனியின் தாய் நிறுவனம் ஜெர்மனியில் இருக்கிறது. மாதக் கடைசியில் எங்கள் ரூபாய்க் கணக்கை யூரோவாக மாற்றி அவர்களுக்கு அனுப்ப வேண்டும். இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட அளவுகோல், ஐரோப்பிய மத்திய வங்கி ஒவ்வொரு வேலை நாளும் வெளியிடும் குறிப்பு விகிதம். அந்த வங்கி வெள்ளியும் திங்களும் மூடியிருந்ததால், மார்ச் 31-க்குச் செல்லுபடியாகும் ரேட் வியாழக்கிழமை, அதாவது 28-ம் தேதி வந்த ரேட்தான்.

நாங்கள் அனுப்பிய தாளில் இருந்ததோ 27-ம் தேதி ரேட். டேபிளைத் திறந்து பார்த்தால் 28, 29, 30, 31 என்று நான்கு தேதிக்கும் வரிசை இருந்தது. எந்தப் பிழையும் இல்லை, லாக்கில் நான்கு நாளும் "ok". கணக்குப் பிரிவில் இருக்கும் மேடம்தான் கண்டுபிடித்தார். "தம்பி, அவங்க ரேட்டும் நம்ம ரேட்டும் ஒரே பேங்க்குலேருந்துதானே வருது? அப்புறம் ஏன் தசமத்துக்குப் பின்னாடி வேற வேற எண்ணா இருக்கு?" என்று கேட்டார்.

நடந்தது இதுதான். வியாழன் இரவு எங்கள் சர்வரிலிருந்து வெளியே போகும் வழியைப் பராமரிப்புக்காக நாங்களே மூடியிருந்தோம். ரேட் எடுக்கும் புரோகிராம் போய்ப் பார்த்தது, கிடைக்கவில்லை. "மூலம் கிடைக்காவிட்டால் கடைசியாகத் தெரிந்த ரேட்டை எடுத்துக்கொள்" என்று நாங்கள் எழுதி வைத்திருந்த விதிப்படி, 27-ன் ரேட்டை 28 என்று தேதி போட்டு டேபிளில் எழுதியது. வெள்ளி இரவு வழி திறந்துவிட்டது, ஃபைலும் வந்தது. அந்த ஃபைலின் தேதி 28 (வெள்ளி விடுமுறை என்பதால் வங்கி வியாழனுடைய ஃபைலையே வைத்திருந்தது). சரியான ரேட் கைக்கு வந்துவிட்டது, எழுதப் போனது. அங்கே ஏற்கெனவே 28 என்று ஒரு வரிசை உட்கார்ந்திருந்தது. எங்கள் கட்டளையில் இருந்த கடைசிச் சொற்கள் இவை:

```sql
ON CONFLICT (ccy, rate_date) DO NOTHING;
```

நகல் உள்ளே இருந்ததால் அசல் வெளியே நின்றுவிட்டது. 29-க்கு வரிசை இல்லையே என்று 28-ஐ நகலெடுத்தது, அந்த 28-ஏ 27-ன் நகல். இப்படியே திங்கள் வரை போனது. செவ்வாய் மாலை புதிய ரேட் வந்து எல்லாம் சரியானதுபோல் ஆனது, ஆனால் மாதக் கடைசி ரேட் மட்டும் நிரந்தரமாகத் தவறாக நின்றது.

தொகை எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு, எளிதான எண்களில் ஒரு கணக்கு (அன்றைய உண்மை ரேட் அல்ல). வர வேண்டிய பாக்கி 12 கோடி ரூபாய், சரியான ரேட் யூரோவுக்கு 90.45, நகல் ரேட் 90.00 என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் 13,26,700 யூரோ வரும், இரண்டாவதில் 13,33,333. ஆறாயிரத்துச் சொச்சம் யூரோ எங்கிருந்து வந்தது என்று இரண்டு நாட்டுக் கணக்குப் பிரிவும் தேடிக்கொண்டிருக்கும்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு நாங்கள் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. பழைய ரேட்டைப் பயன்படுத்துவது தவறில்லை. விடுமுறை நாளில் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். கேள்வி, அந்தப் பழைய ரேட் எந்த இடத்தில், என்ன அடையாளத்தோடு நுழைய வேண்டும் என்பது. எங்கள் முன் இருந்த வழிகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த ஃபைல் எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பாதிச் சிக்கல் அங்கேயே இருக்கிறது.

ஃபைல் கிடைத்தது என்றால் ரேட் கிடைத்தது என்று அர்த்தமில்லை

தினசரி ஃபைலின் பெயர் `eurofxref-daily.xml`. ஏறத்தாழ முப்பது நாணயங்கள், ஒவ்வொன்றும் ஒரு யூரோவுக்கு எவ்வளவு என்ற கணக்கில். உள்ளே தேதி ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கும்:

```xml
<Cube time='2024-03-28'>
  <Cube currency='USD' rate='...'/>
  <Cube currency='INR' rate='...'/>
```

வங்கி மூடியிருக்கும் நாளில் இந்த ஃபைல் காணாமல் போவதில்லை, காலியாகவும் இருப்பதில்லை. கடைசி வேலை நாளின் ஃபைல் அப்படியே இருக்கும். கேட்டால் `200` என்று நல்லபடியாகப் பதில் வரும். ஆகவே "இன்று எடுத்தேன், இது இன்றைய ரேட்" என்று நம் சர்வரின் தேதியைப் போட்டால் அந்த நொடியே டேபிள் பொய் சொல்லத் தொடங்கிவிடும். தேதியை `time` என்ற இடத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும்.

நேரமும் இப்படித்தான். ரேட் வெளியாவது ஐரோப்பிய நேரம் மாலை 4 மணிவாக்கில். இந்திய நேரத்தில் அது கோடையில் இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுவார்கள், நாம் மாற்றுவதில்லை. இங்கே கிரானில் இரவு 8 மணி என்று வைத்தால் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அன்றைய ரேட் கிடைக்கும். நவம்பர் வந்ததும் முந்தைய நாள் ரேட்தான் கிடைக்கும், ஒரு பிழையும் காட்டாமல். கோடையில் எழுதிச் சோதித்த புரோகிராம் குளிர்காலத்தில் ஒரு நாள் பின்தங்கி ஓடும். நாங்கள் இப்போது இரவு 9.30-க்கு ஒரு முறையும் காலை 7 மணிக்கு ஒரு முறையும் ஓட்டுகிறோம். காலை ஓட்டம் இரவு தவறியதைப் பிடித்துக்கொள்ளும்.

மூடும் நாட்கள் எவை என்பதில் சந்தேகமே வேண்டாம். சனி, ஞாயிறு போக, டார்கெட் என்ற ஐரோப்பியப் பணப் பரிமாற்ற அமைப்பின் விடுமுறைகள் ஆறுதான்: ஜனவரி 1, புனித வெள்ளி, ஈஸ்டர் திங்கள், மே 1, டிசம்பர் 25, 26. தீபாவளியும் பொங்கலும் அங்கே வேலை நாள். ஜெர்மனிக்கே உரிய அரசு விடுமுறைகளிலும் ரேட் வரும். இந்தப் பட்டியல் பின்னால் தேவைப்படும்.

எங்கள் முன் இருந்த வழிகள்

முதல் வழி, நாணயத்துக்கு ஒரே வரிசை. புதிய ரேட் வந்தால் பழையதை அழித்து எழுது, வராவிட்டால் சும்மா இரு. பழைய ரேட்டுக்குத் திரும்புவது என்ற வேலையே இல்லை, அது தானாக அங்கேயே நிற்கிறது. சின்ன இணையக் கடையில் "சுமார் இத்தனை யூரோ" என்று காட்டுவதற்கு இது போதும். கணக்குக்கு ஆகாது, போன மாத ரேட் என்ன என்று கேட்டால் பதில் இல்லை. இதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை, ஆனால் இதில் ஒளிந்திருக்கும் ஓர் ஆபத்து மற்ற வழிகளுக்கும் பொருந்தும் என்பதால் அதைச் சொல்ல வேண்டும்.

2022 மார்ச் 1-ம் தேதி ரேட்டோடு ஐரோப்பிய மத்திய வங்கி ரஷ்ய ரூபிளின் குறிப்பு விகிதத்தை வெளியிடுவதை நிறுத்திவிட்டது. மறுநாளிலிருந்து ஃபைல் வழக்கம்போல வந்தது, `RUB` என்ற வரி மட்டும் இல்லை. கடைசியாக வந்த ரேட் யூரோவுக்கு 117 ரூபிள் சொச்சம். ஃபைலில் உள்ள நாணயங்களை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துப் புதுப்பிக்கும் புரோகிராம் இதைக் கவனிக்கவே கவனிக்காது. இல்லாத வரியைப் பற்றி யார் புகார் சொல்வார்கள்? அந்த ஆண்டு ஜூன் கடைசியில் மாஸ்கோ சந்தையில் யூரோ 60 ரூபிளுக்கும் கீழே போயிருந்தது. முதல் வழியில் இருந்த டேபிள்கள் அப்போதும் 117 என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கும், ஏறத்தாழ இரண்டு மடங்கு பிசகு. ஃபைலே வராமல் போவது ஒரு தோல்வி என்றால், ஒரே ஒரு நாணயம் வராமல் போவது அதைவிடக் கடினமான தோல்வி. ஐஸ்லாந்து குரோனாவும் 2008 டிசம்பரில் இப்படிக் காணாமல் போய், 2018 பிப்ரவரியில்தான் திரும்பி வந்தது. அதனால் "எத்தனை நாள் பழசு" என்ற கேள்வியை ஃபைலுக்குக் கேட்டால் போதாது, ஒவ்வொரு நாணயத்துக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

இரண்டாவது வழி நாங்கள் வைத்திருந்தது: நாளுக்கு ஒரு வரிசை, ரேட் வராத நாளுக்கு முந்தைய நாளின் ரேட்டை நகலெடுத்து நிரப்புவது. இதற்கு ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. அறிக்கை எழுதுபவர்களுக்கு இது மிகவும் வசதி. விற்பனை டேபிளின் தேதியையும் ரேட் டேபிளின் தேதியையும் நேராக இணைத்தால் வேலை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை விற்பனைக்கு ரேட் இல்லை என்று வரிசைகள் உதிர்ந்து போவதில்லை. எக்செல் தாளில் தேடிப் பொருத்துபவர்களுக்கும் இதுதான் பிடிக்கும்.

குற்றம் எங்கே என்றால், வந்த ரேட்டும் நாம் எழுதிய ரேட்டும் ஒரே நிறத்தில் ஒரே டேபிளில் இருக்கின்றன. இதைச் சரிசெய்ய `is_carried` என்று ஒரு கட்டம் சேர்க்கலாம், அசல் வரும்போது நகலை மட்டும் மாற்றி எழுதச் சொல்லலாம்:

```sql
ON CONFLICT (ccy, rate_date) DO UPDATE
  SET rate = EXCLUDED.rate, is_carried = false
  WHERE fx_rate.is_carried;
```

இதை முதலில் இப்படித்தான் திருத்தினோம். 28-ம் தேதிச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் 29, 30, 31 மூன்றும் பழைய 28-ன் நகல்கள். அசல் வந்ததும் 28 மட்டும் திருந்தும், அதன் பின்னால் இருக்கும் நகல்களைத் திருத்த இன்னொரு வேலை எழுத வேண்டும். அந்த வேலை எதுவரை போக வேண்டும்? அடுத்த அசல் வரிசை வரை. நடுவில் ஒரு நாணயத்துக்கு அசல் இருந்து இன்னொன்றுக்கு இல்லாவிட்டால்? ஒரு பிழையை மறைக்க எழுதிய நகல்களைப் பராமரிக்கவே புரோகிராம் வளரத் தொடங்கியது. இரண்டு வாரம் இதோடு போராடிவிட்டு விட்டுவிட்டேன்.

மூன்றாவது வழி, நகல் எழுதாமல் இருப்பது. டேபிளில் வங்கி சொன்ன ரேட், வங்கி சொன்ன தேதியில் மட்டும் இருக்கும். ரேட் வராத நாளுக்கு வரிசை கிடையாது. யாராவது மார்ச் 31-க்கு ரேட் கேட்டால், அந்தத் தேதியிலோ அதற்கு முன்போ உள்ளவற்றில் கடைசி வரிசையைத் தேடிக் கொடுப்போம்:

```sql
SELECT rate, rate_date
FROM fx_rate
WHERE source = 'ECB' AND ccy = 'INR'
  AND rate_date <= DATE '2024-03-31'
ORDER BY rate_date DESC
LIMIT 1;
```

கடைசியாகத் தெரிந்த ரேட்டுக்குத் திரும்புவது இங்கேயும் நடக்கிறது, ஆனால் எழுதும்போது அல்ல, கேட்கும்போது. வித்தியாசம் பெரியது. அசல் ரேட் மூன்று நாள் தாமதமாக வந்து சேர்ந்தாலும் அதன் இடம் காலியாகக் காத்திருக்கும். வந்து உட்கார்ந்த மறுநிமிடமே 28, 29, 30, 31 எல்லாவற்றுக்கும் சரியான பதில் வரும், தனியாக எதையும் திருத்த வேண்டியதில்லை. கூடவே `rate_date` என்ற தேதியும் திரும்பி வருவதால், கேட்டவருக்கு எந்த நாள் ரேட் கிடைத்தது என்பது கையிலேயே இருக்கும்.

இதிலும் ஒரு பள்ளம் உண்டு. ஒரே கேள்விக்கு வெள்ளிக்கிழமை ஒரு பதிலும் சனிக்கிழமை இன்னொரு பதிலும் வரலாம், ஏனென்றால் நடுவில் அசல் வந்து சேர்ந்திருக்கும். அதனால் ரேட்டைப் பயன்படுத்திய ஒவ்வொரு ஆவணமும், அது இன்வாய்ஸோ கணக்குப் பதிவோ, எந்த ரேட், எந்தத் தேதி ரேட் என்ற இரண்டையும் தனக்குள்ளேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அச்சடிக்கும்போது டேபிளைத் திரும்பக் கேட்கக் கூடாது.

அறிக்கைக்காரர்களின் வசதி? அவர்களுக்காக நாள்காட்டி டேபிளோடு இந்தத் தேடலை இணைத்து ஒரு வியூ செய்து கொடுத்தோம். அவர்கள் கண்ணுக்கு ஒவ்வொரு நாளும் வரிசை இருக்கிறது. கீழே உள்ள டேபிளில் நகல் இல்லை.

நான்காவது வழி, வேறொரு மூலத்தை வைத்துக்கொள்வது. கூட்டத்தில் இதைத்தான் எல்லாரும் முதலில் சொன்னார்கள், கேட்க நன்றாகவும் இருக்கிறது. எனக்கு இதில் இரண்டு தயக்கம். இலவசமாக ரேட் தரும் தளங்களில் பல, இதே ஐரோப்பிய வங்கியின் ஃபைலை எடுத்து வேறு வடிவத்தில் தருபவை. வங்கியின் ஃபைல் வராத நாளில் அவற்றிடமும் பழையதுதான் இருக்கும். அடுத்தது, உண்மையிலேயே வேறான மூலம் என்றால் அது வேறான எண். இந்தியாவில் எஃப்.பி.ஐ.எல். என்ற நிறுவனம் 2018 ஜூலை முதல், அதற்கு முன் ரிசர்வ் வங்கி செய்துவந்ததுபோல, ரூபாய்க்கான குறிப்பு விகிதத்தை வெளியிடுகிறது. அது காலை 11.30-க்கும் பகல் 12.30-க்கும் நடுவே நடக்கும் வியாபாரத்தை வைத்துக் கணக்கிடுவது, ஐரோப்பிய வங்கியின் ரேட்டோ ஐரோப்பிய நேரம் பிற்பகல் 2 மணி தாண்டிய நிலவரம். இரண்டுக்கும் நடுவே பல மணி நேரச் சந்தை ஓடியிருக்கிறது. ஜப்பானிய யென்னை ஒருவர் நூறு யென்னுக்கு இத்தனை ரூபாய் என்கிறார், இன்னொருவர் ஒரு யூரோவுக்கு இத்தனை யென் என்கிறார். ஒரே நாளுக்கு மூலத்தை மாற்றினால் அந்த ஒரு நாளில் ரேட் எகிறிக் குதித்தது போல ஒரு பொய் வித்தியாசம் உண்டாகும். தாய் நிறுவனத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பதே எங்கள் தேவை. வேறு மூலத்தின் புத்தம் புதிய ரேட்டைவிட அதே மூலத்தின் ஒரு நாள் பழைய ரேட் எங்களுக்கு மேல். உடனே பொருளை விலை பேசி விற்பவருக்கு இது தலைகீழாக இருக்கலாம். அவருக்கும் ஒரு வார்த்தை: ஐரோப்பிய வங்கியே இந்த ரேட்கள் தகவலுக்கு மட்டும், பணம் மாற்றும் வியாபாரத்துக்குப் பயன்படுத்த வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

இரண்டாவது மூலத்தை முழுசாக ஒதுக்கவில்லை. `source` என்ற கட்டத்தில் தனிப் பெயரோடு அதையும் சேர்த்து வைக்கிறோம். ஒப்பிட்டுப் பார்க்க உதவும், தானாக மாற்றீடு ஆகாது.

ஐந்தாவது வழி, ரேட் வராவிட்டால் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது. மாதக் கடைசிக் கணக்குக்கு இதுவே சரி. விலைப் பட்டியல் காட்டும் பக்கத்துக்கு இது அநியாயம். இங்கிருந்துதான், வழி ஒன்றாக இருந்தாலும் பழசாக இருக்க எவ்வளவு அனுமதி என்பது உபயோகத்தைப் பொறுத்து மாற வேண்டும் என்ற எண்ணம் வந்தது.

எவ்வளவு பழசு வரை பொறுக்கலாம்

மூன்றாவது வழியை எல்லையில்லாமல் விட்டால் ரூபிள் கதைதான் திரும்ப வரும். கடைசி வரிசை இரண்டு ஆண்டு பழசாக இருந்தாலும் தேடல் அதைக் கொண்டுவந்து கொடுக்கும். ஆகவே எல்லை வேண்டும். எல்லாரும் முதலில் மணி நேரத்தில் வைப்பார்கள், நாங்களும் அப்படித்தான் யோசித்தோம். 24 மணி நேரம் என்று வைத்தால் ஒவ்வொரு ஞாயிறும் எச்சரிக்கை அலறும். நான்காம் வாரத்தில் யாரும் அந்த மெயிலைத் திறக்க மாட்டார்கள். மூன்று நாள் என்று தளர்த்தினால் சாதாரண வாரம் அமைதியாகப் போகும், ஈஸ்டர் மாதிரி நீண்ட விடுமுறையில் மட்டும் அலறும். வியாழன் மாலை வந்த ரேட்டுக்கு அடுத்தது செவ்வாய் மாலைதான், ஐந்து நாள் இடைவெளி. 2025 கிறிஸ்துமஸும் வியாழன், வெள்ளி என்று விழுந்ததால் புதன் முதல் திங்கள் வரை அதே ஐந்து நாள். சரி, ஆறு நாள் என்று வைத்தால்? ஒரு செவ்வாய்க்கிழமை இணைப்பு அறுந்தால் அடுத்த திங்கள் வரை யாருக்கும் தெரியாது.

மணிக்கணக்கில் எந்த எண்ணை வைத்தாலும் ஒரு பக்கம் இடிக்கும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்நேரத்துக்கு எந்தத் தேதி ரேட் நம்மிடம் இருந்திருக்க வேண்டும்? நடந்த காலத்துக்கு வேலை நாட்களை எண்ணிப் பார்க்க, டார்கெட் வேலை நாட்களை மட்டும் வைத்து ஒரு சின்ன டேபிள் போட்டோம், பெயர் `target_day`. மேலே சொன்ன ஆறு விடுமுறைகளையும் வார இறுதிகளையும் கழித்தால் கிடைப்பது. கேட்ட தேதிக்கு அன்றோ முன்போ உள்ள கடைசி வேலை நாள் எதுவோ அது எதிர்பார்க்கும் தேதி. கேட்ட தேதி இன்றாக இருந்து, ஐரோப்பாவில் மாலை 4.30 இன்னும் ஆகவில்லை என்றால் அதற்கு முந்தைய வேலை நாள். கையில் உள்ள ரேட்டின் தேதிக்கும் எதிர்பார்க்கும் தேதிக்கும் இடையே எத்தனை வேலை நாள் விட்டுப்போயிருக்கிறது என்பதே அதன் வயது.

அந்த ஈஸ்டரை இதில் ஓட்டிப் பாருங்கள். மார்ச் 31-க்கு ரேட் கேட்கிறோம். எதிர்பார்க்கும் தேதி 28. வெள்ளி காலை வரை கையில் இருப்பது 27, வயது 1. மாதக் கடைசிக் கணக்குக்கு நாங்கள் வைத்த எல்லை 0, ஆகவே அந்தப் பதிவு நின்று காத்திருக்கும், "INR: 2024-03-28 வர வேண்டும், இருப்பது 2024-03-27" என்று செய்தி போகும். விலைப் பட்டியலுக்கு எல்லை 2, அது 27-ன் ரேட்டோடு தடையில்லாமல் ஓடும், ரேட்டின் தேதியைப் பக்கத்தில் காட்டியபடி. வெள்ளி இரவு ஃபைல் வந்து 28 உட்கார்ந்ததும் வயது 0, கணக்குப் பதிவு தானாக நகரும். ஞாயிறும் திங்களும் வயது 0-விலேயே நிற்கும், ஒரு எச்சரிக்கையும் வராது. ரூபிளுக்கு 2022 மார்ச் 2 இரவு வயது 1, 3-ம் தேதி 2, 4-ம் தேதி 3. அன்றே விலைப் பட்டியலும் ரூபிள் ரேட் தர மறுத்திருக்கும். மற்ற நாணயங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

குரோஷிய குனா மாதிரி வழக்குக்கு மட்டும் கையால் ஒரு குறிப்பு வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் குரோஷியா யூரோவுக்கு மாறியது, குனா ஃபைலிலிருந்து போய்விட்டது. ஆனால் அதன் ரேட் பழசாகவில்லை, 7.53450 என்று சட்டப்படி நிலைத்துவிட்டது. இப்படிப்பட்ட நாணயத்துக்கு `source` கட்டத்தில் வேறு பெயர் கொடுத்து எல்லைச் சோதனையிலிருந்து விலக்கினோம்.

இன்னொரு யோசனையும் கூட்டத்தில் வந்தது. ரேட் ஒரே நாளில் பத்து சதவீதத்துக்கு மேல் மாறினால் மூலத்தில் ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொண்டு, புதியதைத் தள்ளிவிட்டுப் பழையதையே வைக்கலாமே என்று. 2015 ஜனவரி 15 அன்று ஸ்விட்சர்லாந்தின் மத்திய வங்கி, யூரோவுக்கு 1.20 பிராங்க் என்று காத்துவந்த வரம்பைக் கைவிட்டது. முந்தைய நாள் 1.20-ஐ ஒட்டி இருந்த குறிப்பு விகிதம் அன்று 1.03 அளவுக்கு இறங்கியது. பத்து சதவீத விதி அன்றைய உண்மையான ரேட்டைக் குப்பையில் போட்டிருக்கும், மறுநாளையும் போட்டிருக்கும், ஏனென்றால் ஒப்பிடுவது எப்போதும் அந்தப் பழைய 1.20-ஓடு. ஆகவே பெரிய மாற்றம் வந்தால் ரேட்டைச் சேமித்துவிட்டு ஆளைக் கூப்பிடுகிறோம். தானாகத் தள்ளுவது முறையான ரேட்டே இல்லாதவற்றை மட்டும்: தேதி படிக்க முடியவில்லை, நாணயங்களின் எண்ணிக்கை நேற்றைவிட மிகவும் குறைவு, அல்லது பிழைப் பக்கம் ஒன்று `200` என்ற பதிலோடு வந்திருக்கிறது. அப்போது ஃபைல் முழுவதையும் தள்ளிவிடுகிறோம், பாதியை எழுதி பாதியை விடுவதில்லை.

தவறவிட்ட நாட்களை நிரப்புவது

மூன்றாவது வழி உண்மையில் பலன் தருவது, விட்டதை மீட்க இடம் இருப்பதால். தினசரி ஃபைலோடு `eurofxref-hist-90d.xml` என்று கடந்த தொண்ணூறு நாள் ரேட்கள் உள்ள ஃபைலும் அதே வங்கியில் கிடைக்கிறது. இரவு ஓட்டம் தினசரி ஃபைலை எடுக்கும், காலை ஓட்டம் தொண்ணூறு நாள் ஃபைலை எடுத்து இல்லாத தேதிகளை மட்டும் எழுதும். இப்போது `DO NOTHING` பாதுகாப்பானது, ஏனென்றால் டேபிளில் இருக்கும் வரிசை எதுவும் நாம் கற்பித்ததல்ல. ஏற்கெனவே உள்ள ரேட்டும் ஃபைலில் வந்த ரேட்டும் வேறுபட்டால் மட்டும் அது தனியாக லாக்கில் விழும்.

பழைய டேபிளிலிருந்து புதியதற்கு மாறும்போதுதான் பெரிய வேலை இருந்தது. ஐந்து ஆண்டு வரிசைகளில் எது அசல், எது எங்கள் நகல் என்று குறிப்பே இல்லை. நீங்களும் இந்த நிலையில் இருந்தால், கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. ஒரு நாணயத்தின் ரேட் அடுத்தடுத்த இரண்டு வேலை நாளில் கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருப்பது நடக்கக்கூடியதுதான். பல்கேரிய லெவ் யூரோவோடு கட்டப்பட்டிருந்ததால் 2025 கடைசி வரை 1.9558 என்றே நின்றது. டேனிஷ் குரோனாவும் 7.46 பக்கத்திலேயே சுற்றும். ஆனால் முப்பது நாணயமும் ஒரே சேர இரண்டு வேலை நாள் அசையாமல் இருப்பது நடக்காது. ஆகவே தேதிவாரியாக எண்ணினால் போதும்:

```sql
SELECT rate_date, count(*)
FROM (
  SELECT rate_date, rate,
         lag(rate) OVER (PARTITION BY ccy
                         ORDER BY rate_date) AS prev
  FROM old_fx
  WHERE rate_date IN (SELECT d FROM target_day)
) t
WHERE rate = prev
GROUP BY rate_date
HAVING count(*) > 10;
```

வெளியே வந்த தேதிகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு இரவு எங்கள் பக்கம் இணைப்பு அறுந்த தேதி. எங்களுக்கு ஒன்பது தேதிகள் வந்தன, 2024 மார்ச் 28 அதில் ஒன்று. 1999 ஜனவரி 4 முதல் எல்லா நாளும் உள்ள `eurofxref-hist.xml` ஃபைலை எடுத்துப் புதிய டேபிளை ஆரம்பத்திலிருந்தே நிரப்பினோம், பழையதிலிருந்து ஒரு வரிசையைக்கூடக் கொண்டுவரவில்லை. அந்த ஒன்பது தேதிகளோடு, அவற்றை ஒட்டி நகலான விடுமுறை நாட்களையும் சேர்த்து எந்தெந்தக் கணக்குப் பதிவுகள் பயன்படுத்தின என்ற பட்டியலை மேடத்திடம் கொடுத்தேன். அவர் மாதக் கடைசியில் விழுந்த இரண்டை மட்டும் பென்சிலால் வட்டமிட்டு, "இது ரெண்டுக்கும் திருத்தப் பதிவு போட்டுடறேன், மத்தது மாசத்துக்குள்ளேயே நேராயிடுச்சு" என்று சொல்லி எடுத்து வைத்துக்கொண்டார்.